பிரெட்போர்டு போட்டோவில் என்ன பார்க்கணும்?

கண்காட்சிக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா மகள் போட்டோ அனுப்பினாள். "சித்தி, லைட் எரியமாட்டேங்குது!" 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி., இரண்டு ஜம்பர் வயர். இவ்வளவுதான் சர்க்யூட். போட்டோவிலேயே தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது.

1. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள்: ஒன்று நேர் மேலிருந்து, இன்னொன்று பக்கவாட்டில். சாய்த்து எடுத்தால் 16ஆம் வரிசையில் இருக்கும் கால் 15இல் இருப்பதுபோலத் தெரியும். பிளாஷ் போட்டால் போர்டு பளபளத்து எண்கள் மறைந்துவிடும்.

2. எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ். அக்கா மகள் இரண்டு காலையும் ஒரே அளவாக வெட்டியிருந்தாள். அப்படியானால் குமிழின் அடி விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டையாகச் சீவின பக்கம் மைனஸ். "திருப்பிப் போட்டுத்தான் பார்ப்போமே" என்று 9 வோல்ட்டில் சோதிக்க வேண்டாம். சாதாரண எல்.இ.டி. பலவும் தலைகீழாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

3. ரெசிஸ்டரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சரிதான். எந்தத் துளையில் என்பதுதான் முக்கியம். நடுப்பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசையிலுள்ள ஐந்து துளைகளும் அடியில் ஒரே தகட்டில் சேர்ந்தவை. ரெசிஸ்டரின் இரண்டு காலும் அந்த ஐந்துக்குள்ளேயே இருந்தால், மின்சாரம் தகடு வழியாகவே போய்விடும்; ரெசிஸ்டர் இருந்தும் இல்லாத மாதிரி. எல்.இ.டி. ஒரு தரம் பளிச்சென்று மின்னிக் கருகிவிடும். 470 ஓமுக்கு நிறப்பட்டை மஞ்சள், ஊதா, பழுப்பு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

4. வயர் நுனியில் வெள்ளிக் கம்பி நிறையத் தெரிந்தால் முழுசாக இறங்கவில்லை என்று அர்த்தம். முழுசாக இறங்கியும் உள்ளே பிடிக்காமல் இருப்பது படத்தில் தெரியாது. ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பார்க்கணும். கையோடு வந்தால் பக்கத்துத் துளைக்கு, அதே வரிசையிலேயே மாற்றணும்.

5. ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருக்கின்றனவா பாருங்கள். சில போர்டுகளில் அங்கே உள்ளே தகடும் அறுந்திருக்கும். எங்கள் தப்பு அங்கேதான். பேட்டரியின் மைனஸ் மேல்பாதியில், எல்.இ.டி.யிலிருந்து வரும் வயர் கீழ்ப்பாதியில். வயரை மேல்பாதிக்கு மாற்றச் சொன்னேன், அப்போதும் எரியவில்லை. பக்கவாட்டுப் படத்தை மறுபடி பெரிதாக்கினேன். எல்.இ.டி.யின் பிளஸ் கால் 15இல், ரெசிஸ்டர் கால் 16இல். ஒரு துளை நகர்த்தினாள். அடுத்து வந்த போட்டோவில் போர்டே சிவப்பாகத் தெரிந்தது.