மச்சாளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் கணவரின் அக்கா கிளிநொச்சியில் இருக்கிறா. அவவின் மகள் தரம் 5 படிக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூட வானில் ஏறுவது, வகுப்பறையில் நிற்பது, பரிசு வாங்குவது என்று எல்லாப் படத்தையும் மச்சாள் பேஸ்புக்கில் போடுகிறா. முன்பின் தெரியாதவர்களும் வந்து ‘வடிவான பிள்ளை’ என்று எழுதுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் வயதில் மூத்தவ, கோபித்துக்கொண்டால் குடும்பமே இரண்டுபடும். என்ன செய்யலாம்?
— ஒரு மாமி, வவுனியா

பதில்: முதலில், அந்தப் படத்துக்குக் கீழே எதையும் எழுதாதீர்கள். நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதினாலும் அதைக் கனடாவிலும் பாரிசிலும் உள்ள சொந்தமெல்லாம் வாசிக்கும். சபையில் வைத்துக் கேட்டால் மச்சாள் சபைக்குத்தான் பதில் சொல்லுவா. தொலைபேசியில் எடுங்கள், அல்லது அடுத்த முறை கிளிநொச்சிக்குப் போகும்போது குசினியில் தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில் சொல்லுங்கள்.

அவ ஏன் போடுகிறா என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2009 இடப்பெயர்வில் வன்னியில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் பங்கருக்குள்ளும் தெருவிலும் போயின. தன் பள்ளிக்கூடப் படம் ஒன்றுகூட இல்லாமல் வளர்ந்த தாய்மார் இருக்கிறார்கள். அப்படியான ஒருவருக்கு மகளின் படம் வெறும் பெருமை அல்ல, தொலையாமல் வைக்கும் இடமும் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் அம்மம்மா பார்க்கும் வழியும் அதுதான். ‘போடாதீங்கோ’ என்றால் இவை இரண்டையும் பறிப்பதாகவே அவவுக்குப் படும்.

ஆகவே படத்தை விட்டுவிட்டு, படத்தைச் சுற்றி இருப்பதைப் பற்றிப் பேசுங்கள். கழுத்துப்பட்டியும் இலச்சினையும் எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடும். வானின் இலக்கத்தகடும் படம் போட்ட நேரமும் பிள்ளை எப்போது எங்கே நிற்பாள் என்பதைக் காட்டும். புலமைப்பரிசில் பெறுபேறு வரும்போது பலர் சுட்டிலக்கத்தோடேயே போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் சின்ன விசயம். ஆனால் ஒரே பக்கத்தில் சேர்த்துப் பார்க்கும் அந்நியன், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ‘அம்மா அனுப்பினவ’ என்று சொல்ல அவ்வளவே போதும்.

நான் என்றால் இப்படித்தான் பேசுவேன்:

“மச்சாள், பிள்ளை பரிசு வாங்கின படம் பார்த்தனான், நல்ல வடிவு. ஒரு சின்ன விசயம் சொல்லட்டே? அந்தப் படம் ஆருக்கும் தெரியிற மாதிரி இருக்கு. எங்கட ஆக்களுக்கு மட்டும் தெரியிற மாதிரி மாத்திவிடுவமே? நான் வரேக்க செய்து தாறன். இனி எடுக்கிற படங்களை எனக்கும் வட்ஸ்அப்பில அனுப்புங்கோ.”

இதில் குற்றம் சாட்டும் சொல் இல்லை. கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். வேலையையும் நீங்களே ஏற்கிறீர்கள். பலர் படத்தைப் பொதுவில் போடுவது விரும்பி அல்ல, மாற்றத் தெரியாததால்.

செய்முறை சுலபம். பதிவில் பெயருக்குக் கீழே சின்ன பூகோளப் படம் இருந்தால் அது எல்லாருக்கும் தெரியும். பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, யார் பார்க்கலாம் என்ற இடத்தில் Public என்பதை Friends ஆக்குங்கள். பழைய பதிவுகளை ஒரேயடியாக மாற்ற அமைப்புகளில் Limit Past Posts இருக்கிறது. அதை ஒரேயடியாகத் திருப்ப முடியாது என்பதை மச்சாளிடம் முதலே சொல்லுங்கள். இரண்டு ஓட்டைகள் மிஞ்சும். கவர் படம் எப்போதும் எல்லாருக்கும் தெரியும், ஆகவே அதில் பிள்ளை வேண்டாம். நண்பர் பட்டியலில் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் Friends என்பதும் பெயரளவில்தான். அதற்குக் குடும்ப வட்ஸ்அப் குழுவே நல்லது. சரிவந்ததா என்று பார்க்க, மச்சாளின் நண்பர் பட்டியலில் இல்லாத ஒருவரின் போனில் அவவின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அவ மறுத்தால்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் கைகொடுக்காது. தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பாவனையை அது விலக்கிவைத்திருக்கிறது. தாயின் முடிவு தாயுடையது. உங்கள் பிள்ளையும் நிற்கும் படமென்றால் அதை மட்டும் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது பிள்ளையோடு தொடர்புகொள்ளப் பார்த்தால், அல்லது படத்தைத் தவறாகப் பாவித்தால், அது குடும்ப விசயம் அல்ல. உடனே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

மாற்றிய அடுத்த நாளே மச்சாளுக்கு ஒரு அழைப்பு எடுத்து, ‘இன்றைக்குப் படம் ஒன்றும் வரேல்லையே’ என்று கேளுங்கள். பொதுவில் கிடைத்த பார்வை குறைந்ததை அவ உணராமல் இருக்க வேண்டுமானால், வீட்டுக்குள் ஒருவர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.