டாக்ஸி விளம்பரத்தில் ரேட்டுக்குக் கீழே படிக்க வேண்டியவை

“செடான் கி.மீ. 13 ரூபாய், எஸ்.யு.வி. 18 ரூபாய். டிரைவர் பேட்டா 400. டோல், பார்க்கிங், பெர்மிட் தனி. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. அனுபவமிக்க டிரைவர், பாதுகாப்பான பயணம், 24 மணி நேர சேவை.” வெளியூர் வண்டி விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தொகை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், வாசகம் மாறாது. திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு குடும்பம் போவதாக வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பார்க்கலாம்.

1. முதலில் ‘ஒரு நாள்’ என்றால் என்ன என்று கேளுங்கள். பலருடைய கணக்கில் நாள் என்பது 24 மணி நேரம் அல்ல. நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. திருச்சி–வேளாங்கண்ணி போய்வர, நாகூரையும் சேர்த்துச் சுமார் 340 கி.மீ. ஆகும். சனி இரவு 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு மாலை திரும்பினால் நமக்கு அது ஒரு நாள்கூட இல்லை. அவர் கணக்கில் இரண்டு நாள். அதாவது குறைந்தபட்சம் 500 கி.மீ., 6,500 ரூபாய், பேட்டா இரண்டு நாளுக்கு 800, மொத்தம் 7,300. அதே பயணத்தை ஞாயிறு அதிகாலை 3 மணிக்குத் தொடங்கினால் ஓடிய 340 கி.மீ.க்கு 4,420, ஒரு பேட்டா 400, ஆக 4,820. வித்தியாசம் 2,480 ரூபாய். ஆறு, ஆறரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், காலைப் பூசையும் தப்பாது. ராத்திரி ஒன்றரை மணிக்கு இறங்கி, ரூம் கிடைக்குமா என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். இதில் டிரைவர் ஏமாற்றுகிறார் என்று சொல்வதற்கில்லை. இரவு 10 மணிக்கு வண்டியைக் கொடுத்தால் அன்று இரவு அவருக்கு வேறு சவாரி கிடையாது.

2. கிலோமீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது? உங்கள் வாசலிலிருந்தா, அவர் ஷெட்டிலிருந்தா? ‘ஷெட் டு ஷெட்’ என்றால் அவர் உங்கள் வீட்டுக்கு வருவதும், உங்களை இறக்கிவிட்டுத் திரும்புவதும் உங்கள் கணக்கில்தான். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் திருவெறும்பூர்க்காரரின் வண்டியை எடுத்தால் இதிலேயே நாற்பது கி.மீ. போல ஏறிவிடும். ஏறும்போது மீட்டரை ஒரு போட்டோ, இறங்கும்போது ஒரு போட்டோ எடுத்துவிட்டால் பேச்சே வராது. நல்ல டிரைவர்கள் அவர்களே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள்.

3. அங்கே தங்குவதாக இருந்தால் போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்று ‘டிராப்’ கேட்டுப் பாருங்கள். டிராப்பில் கி.மீ. ரேட் ஒரு ரூபாய் கூடுதலாக இருக்கும். குறைந்தபட்சம் 130 கி.மீ. என்பார்கள். வேளாங்கண்ணிக்கு ஒருவழி 155 கி.மீ. என்று வைத்தால், 14 ரூபாய் வீதம் 2,170, பேட்டா 400, ஆக 2,570. திரும்பி வருவதற்கும் அதே தொகை, மொத்தம் 5,140. அதே வண்டியை மூன்று நாள் நிறுத்திவைத்தால் 750 கி.மீ.க்கு 9,750, பேட்டா 1,200 என்று 10,950 ஆகிவிடும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தினமும் நாலு இடம் போக வேண்டும் என்றால் மட்டும் வண்டியை நிறுத்திவையுங்கள்.

4. ‘டோல் தனி’ என்பது நியாயம்தான். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் திரும்புகிற சவாரிக்கு முழுக் கட்டணம் இல்லை. இரண்டும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குதான். தஞ்சாவூர் சாலையில் வாழவந்தான்கோட்டை டோலை அதிகாலையில் தாண்டி அன்றே திரும்பினால் இது பொருந்தும். ஃபாஸ்டேக்கில் பிடித்த தொகை டிரைவரின் போனுக்கு மெசேஜாக வரும், அதைப் பார்த்துக் கொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அதை யார் எடுப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

5. ‘7+1 இன்னோவா’ என்று போட்டிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை சீட் என்று பாருங்கள். அதில் இருக்கும் எண் டிரைவரையும் சேர்த்தது. எர்டிகா ஏழு சீட், அதாவது பயணிகள் ஆறு பேர்தான். ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இரண்டு பைக்கு மேல் வைக்க இடமிருக்காது. மேலே கேரியர் உண்டா என்று கேளுங்கள். சி.என்.ஜி. செடான்களில் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். எட்டியாஸ் என்றால் டிக்கி தாராளம், ஆனால் அந்த வண்டியின் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டது. ஆகவே ‘புத்தம் புது எட்டியாஸ்’ என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம்.

6. வண்டி எண்ணை முதல் நாளே வாங்கிவிடுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து, மின்சார வண்டியானால் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. இவைதான் வாடகை வண்டி. வெள்ளை போர்டு வண்டி ரேட்டில் குறைவாகக் கிடைக்கும். ஆனால் வாடகைக்கு ஓட்டுவது சொந்த வண்டி இன்ஷூரன்ஸில் சேராது. நடுவழியில் ஏதாவது ஆனால் கம்பெனி கையை விரித்துவிடும். எண்ணை mParivahan செயலியில் போட்டால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும்.

7. ‘பாதுகாப்பான பயணம்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். சோதித்துப் பார்க்கக்கூடியதை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். “பின் சீட்டிலும் பெல்ட் உண்டு, டயர் போன வருடம் மாற்றியது, இரவு 11 முதல் 3 வரை ஓட்டுவதில்லை” என்று ஒருவர் போட்டிருந்தால், ரேட் ஒரு ரூபாய் கூடுதலானாலும் அவரைத்தான் கூப்பிடுவேன். பல டாக்ஸிகளில் பின் சீட் பெல்ட்டின் நாக்கு தொங்கும். அது மாட்டுகிற பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கிளம்புமுன் கையை விட்டு அதை வெளியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

8. டிரைவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, “அண்ணே, நேற்று ராத்திரி சவாரி இருந்ததா?” என்பதுதான். ‘24 மணி நேர சேவை’ என்று போட்டிருப்பவர் ஒரே ஆளாக ஒரே வண்டியை ஓட்டுகிறார் என்றால், அவர் எப்போது தூங்குகிறார் என்று யோசிக்க வேண்டாமா? கோயிலிலோ உறவினர் வீட்டிலோ நீங்கள் இருக்கும் நேரத்தில் அவர் படுக்க நிழலான இடம் பார்த்துக் கொடுங்கள். ஓட்டும்போது அடிக்கடி கண்ணைக் கசக்கினாலோ, லேனை விட்டு விலகி விலகி வந்தாலோ சங்கடப்படாமல் டீக்கடையில் நிறுத்தச் சொல்லுங்கள். டீ குடித்தால் போதாது, இருபது நிமிஷம் சீட்டைச் சாய்த்துத் தூங்கட்டும்.

9. பேசி முடித்ததும் இப்படி ஒரு மெசேஜ் அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள்: “ஞாயிறு காலை 3 மணி, திருச்சி–வேளாங்கண்ணி–நாகூர்–திருச்சி. செடான், ஏ.சி. உண்டு. கி.மீ. 13, எங்கள் வீட்டிலிருந்து வீடு வரை. ஒரு நாள் கணக்கு, பேட்டா 400. டோல், பார்க்கிங் எங்களுடையது. முன்பணம் 500, மீதி இறங்கும்போது.” முன்பணமாகப் பாதித் தொகை கேட்டால் கொடுக்க வேண்டாம்.