கழுத்தில் விரல், மார்பில் ஸ்டெதாஸ்கோப்

இதயத்தில் இரைச்சல் கேட்டதும் அது எவ்வளவு பலமானது என்றுதான் புதிதாகக் கற்பவர் கவனிப்பார். முதலில் கவனிக்க வேண்டியது அது எப்போது கேட்கிறது என்பதை. கீழறைகள் சுருங்கத் தொடங்கி, மைட்ரல், ட்ரைகஸ்பிட் என்ற உள்வாசல் வால்வுகள் மூடும்போது ‘லப்’; சுருக்கம் முடிந்து, மகாதமனி, நுரையீரல் தமனி என்ற வெளிவாசல்களின் வால்வுகள் மூடும்போது ‘டப்’. சுருக்கத்தின்போது வெளிவாசல் திறந்தும் உள்வாசல் மூடியும் இருக்க வேண்டும். ஆகவே லப்புக்கும் டப்புக்கும் நடுவே இரைச்சல் கேட்டால், வெளிவாசல் குறுகியிருக்கலாம் அல்லது உள்வாசல் கசியலாம். டப்புக்குப் பிறகு கேட்டால் கணக்கு தலைகீழ்.

எது லப், எது டப்? நிமிடத்துக்கு 70 துடிப்பில் ஒரு சுற்று ஏறக்குறைய 0.86 நொடி, அதில் சுருக்கம் 0.3 நொடிதான். எனவே குறுகிய இடைவெளிக்கு முன் வருவது லப். துடிப்பு 120ஐத் தொட்டால் தளர்வு நேரம் தேய்ந்து இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். காது ஏமாறுவது இங்கேதான். அப்போது கழுத்துத் தமனியில், ஒரு பக்கம் மட்டும், மெதுவாக விரல் வையுங்கள். விரலில் தட்டும்போது கேட்பது லப். மணிக்கட்டு நாடி தாமதித்து வரும். அதை நம்ப வேண்டாம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் 70 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விரல் தட்டும் நேரத்தில் இரைச்சல் கேட்கிறது. வெளிவாசல் குறுகலா, உள்வாசல் கசிவா? நேரம் மட்டும் இதைத் தீர்க்காது என்ற ஆட்சேபம் சரிதான். இனி வடிவத்தைக் கேட்க வேண்டும். மைட்ரல் கசிவு பெரும்பாலும் லப்போடே தொடங்கி டப் வரை ஒரே சீராக ஓடி அக்குள் பக்கம் பரவும். மகாதமனி வால்வு குறுகல் லப்புக்குச் சற்றுப் பின் எழுந்து, ஏறி இறங்கி, கழுத்துக்குப் பரவும். இவருக்குக் கேட்பது பின்னது. அதன் உச்சம் டப்பை நெருங்க நெருங்கக் குறுகலும் கடுமை. டப்பின் ஒலியும் மங்கும். இரைச்சல் மெலிதாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது: தளர்ந்துபோன இதயம் ரத்தத்தை வேகமாகத் தள்ளாததால், கடுமையான குறுகலிலும் சத்தம் குறையும். மறுபக்கம், ரத்தசோகையிலும் கர்ப்பத்திலும் வால்வு நன்றாக இருந்தே சுருக்க நேர இரைச்சல் கேட்கும். தளர்வு நேர இரைச்சலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எக்கோ இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். குறுகலின் அளவைச் சொல்வது எக்கோதான், அதில் காது போட்டி போட முடியாது. ஆனால் அந்த முதியவரை எக்கோவுக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் தோன்றுவது, கழுத்தில் விரல் வைத்துக் கேட்டவருக்குத்தான்.