கால நீட்டிப்பு வேண்டி மடல் எழுதுதல்

குறித்த நாளுக்குள் பணியை முடிக்க இயலாத நிலை எவருக்கும் நேரலாம். அப்போது மேலாளரிடம் கூடுதல் நாள்களைக் கேட்கும் மடலில், பணி முடியும் புதிய நாளையும் குறிப்பிட வேண்டும். அந்நாளைக் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழி அறிவோம்.

கள்ளக்குறிச்சியிலுள்ள அலுவலகம் ஒன்றின் களப்பணியாளர், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 120 வீடுகளின் குடிநீர்ப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கிறார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 12 வீடுகள் வீதம் நவம்பர் 8 முதல் 17 வரை களப்பணி. அடுத்த இரு நாள்கள் அட்டவணைப் பணி. 20ஆம் நாள் அறிக்கை அளிக்க வேண்டும். முதல் நான்கு நாள்களில் 48 வீடுகள் முடிந்தன. பின்னர் வடகிழக்குப் பருவமழையால் ஓடைகளில் நீர் பெருகியது. மூன்று நாள்கள் ஊர்களுக்குச் செல்ல இயலவில்லை.

எஞ்சியவை 72 வீடுகள். இதுவரை பணி நடந்த வேகத்தில் அவற்றுக்கு ஆறு நாள்கள் தேவை. 15 முதல் 20 வரை களப்பணியும், 21, 22ஆம் நாள்களில் அட்டவணைப் பணியும் நடந்தால் 23ஆம் நாள் அறிக்கை அளிக்கலாம். ஆனால், பருவமழைக்காலம் முடியவில்லை. இன்னும் ஒரு நாள் மழை பெய்தாலும் இக்கணக்குப் பிழையாகிவிடும். இரண்டாம் முறை காலம் கேட்க நேரும். எனவே, ஒரு நாளைச் சேர்த்து 24ஆம் நாளைக் கேட்பதே பொருந்தும். நாளொன்றுக்கு 18 வீடுகள் முடிப்பதாகக் கூறி முன்னதாகவே தருவதாக உறுதியளிப்பது, இதுவரை எட்டாத வேகத்தை நம்புவதாகும்.

மழை ஓய்ந்த 14ஆம் நாள் மாலையிலேயே அவர் எழுதிய மடல்:

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநீர்க் கணக்கெடுப்பில் 120 வீடுகளுள் 48 முடிந்துள்ளன. மழையால் 12 முதல் 14 வரை களப்பணி நடைபெறவில்லை. எஞ்சிய 72 வீடுகளுக்கு ஆறு நாள்களும் அட்டவணைக்கு இரு நாள்களும் தேவை. மழைக்கென ஒரு நாளைச் சேர்த்து, நவம்பர் 24 அன்று அறிக்கை அளிக்க இசைவு வேண்டுகிறேன். மழை இல்லையெனில் 20ஆம் நாள் காலை, முடிந்த 108 வீடுகளின் படிவங்களை அனுப்பிவிடுவேன். 20ஆம் நாளை மாற்ற இயலாதெனில், எப்பகுதி முதலில் தேவை எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: வெள்ளிமலை
நாள்: நவம்பர் 14

தங்கள் உண்மையுள்ள,
அ அ அ

மழையைப் பற்றி ஒரு தொடரே போதுமானதாக இருப்பதைக் காண்க. மேலாளர் தம் மேலிடத்துக்கு விடை கூற வேண்டியவர். அவருக்குத் தேவையானவை முடிந்த அளவு, எஞ்சிய அளவு, புதிய நாள் ஆகியவையே. ஆறு நாள்கள் முன்னரே அறிந்ததால் அவர் மாற்று ஏற்பாடு செய்யலாம். இதே மடல் 19ஆம் நாள் இரவில் சென்றிருந்தால் அவ்வாய்ப்பு இராது. ‘இன்னும் சில நாள்கள் தேவை’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் அவரால் எதையும் திட்டமிட இயலாது.

கற்பவை கற்றபின்...

1. மேற்கண்ட பணியில் 16ஆம் நாளும் மழையால் வீணானால், 24ஆம் நாள் அறிக்கை அளிக்க இயலுமா? கணக்கிட்டு விளக்குக.
2. அந்நிலையில் 20ஆம் நாள் காலை எத்தனை படிவங்களை அனுப்ப இயலும்? அதனைத் தெரிவித்து மேலாளருக்கு மடல் எழுதுக.