தடிமனா, வேறு நோயா?

நுவரெலியாக் குளிரில் மூக்கு ஒழுகினாலே "தடிமன்" என்றுவிடுகிறோம். முதலில் காய்ச்சல் உண்டா என்று பாருங்கள். காய்ச்சலில்லாமல், கண்ணும் மூக்கும் அரித்து, காலையில் அடுக்கடுக்காகத் தும்மல் வந்து, வாரக்கணக்கில் நீடித்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. லயத்து ஈரச்சுவரின் பூஞ்சணமும் அடுப்புப் புகையும் அதைக் கிளப்பும். சுவரைத் துடைத்து, கம்பளியை வெயிலில் உலர்த்துங்கள்.

தடிமன் தொண்டைக் கரகரப்போடு மெல்லத் தொடங்கும். மாலை வரை கொழுந்து பறித்த அம்மா இரவில் கடுங்காய்ச்சலும் உடல்வலியுமாகப் படுத்துவிட்டால் இன்புளுவென்சாவை நினைக்கலாம். ஆனால் கொரோனாவும் இப்படி வரும், பரிசோதித்தால்தான் உறுதி. இரண்டுக்கும் ஓய்வோடு கொத்தமல்லி அவித்த நீர் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இரண்டு, ஆறு மணிநேர இடைவெளியில். நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். அஸ்பிரின் கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியலாம். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.