ஜெனரேட்டர் வோல்ட் ஏறி இறங்குகிறதா?

கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் பக்கத்துப் பீங்கான் பட்டறையில் மண் அரைக்கும் மில் ஒரே சீராக ஓடும்போதே வோல்ட் மீட்டர் முள் 390-க்கும் 420-க்கும் இடையே தாளம் போட்டால், உடனே ஏ.வி.ஆரை மாற்றிவிடாதீர்கள். பக்கத்து ஹெர்ட்ஸ் மீட்டரைப் பாருங்கள்.

அது 50-ல் அசையாமல், என்ஜின் சத்தமும் மாறாமல் இருந்தால் ஏ.வி.ஆர். பக்கம்தான் கோளாறு. சென்சிங் ஒயரை இறுக்கி, ஸ்டெபிலிட்டி திருகைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஹெர்ட்ஸும் சத்தமும் சேர்ந்து ஏறி இறங்கினால், டீசல் ஃபில்டர் அடைப்பு, லைனில் காற்று, கவர்னர் லிங்க் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஆனால் சில நேரம் ஏ.வி.ஆர். ஆட்டம் என்ஜினையும் இழுத்து ஆட்டும். சந்தேகமிருந்தால் லோடை விலக்கி, என்ஜினை நிறுத்தி, எக்ஸைட்டர் ஒயரைக் கழற்றியபின் ஓட்டிக் கேளுங்கள். அப்போதும் சத்தம் ஆடினால் ஏ.வி.ஆர். காரணமல்ல. இதை எலக்ட்ரீஷியனே செய்யட்டும். ஒயர் கழன்றாலும் முனைகளில் கொஞ்சம் மின்சாரம் இருக்கும்.