படக்குறிப்பு: கூற்றா, வினாவா?

ஏலச்செடிப் படத்தின்கீழ் ‘காய் செடியின் அடியில் காய்க்கிறது’ என எழுதலாம். ‘காய் எங்கே காய்க்கிறது? செடியின் அடியில்’ எனவும் எழுதலாம். எது மாணவர் நினைவில் நிற்கும்?

சிலமலை வகுப்பில் 40 பேரைச் சீட்டுக் குலுக்கி, 20 பேராகப் பிரியுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு விடை முன்பே தெரிந்திருக்கலாம். அவர்கள் ஒரே குழுவில் குவியாதிருக்கவே குலுக்கல். கேட்கும் வினாவையும் நாளையும் முன்பே எழுதிவையுங்கள்.

ஒரு வாரம் கழித்து வினாக்குறிப்புக் குழுவில் 12 பேரும், மற்றதில் 9 பேரும் சரியாக எழுதினார்கள் என்று கொள்வோம். வினா வென்றதா? 21 சீட்டுகளில் ‘சரி’, 19 சீட்டுகளில் ‘தவறு’ என எழுதிக் கலக்கி, 20 சீட்டுகளாகப் பிரித்து, இரு பக்கமும் ‘சரி’ எத்தனை என எண்ணுங்கள். 20 முறை செய்தால், ஏறத்தாழ பாதி முறை 3 அல்லது அதற்கு மேல் வேறுபாடு வரும். ஆகவே அந்த 3 தற்செயலாக இருக்கலாம். வேறுபாடு 7 என்றால், அது ஏறத்தாழ ஒரு முறையே வரும். அப்போது வினாக்குறிப்பை நம்பலாம், மறுபடியும் சோதித்துப் பார்த்து.